எட்டாம் பாடம் வரவில்லை

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. மூடியிருப்பதைத் திறந்து பார்க்காமல் இருக்க மாட்டேன். மாவு டின்னானாலும் சரி, அடுத்தவர் மேசையில் கிடக்கும் கோப்பானாலும் சரி. அம்மா இதைச் சொல்லிச் சொல்லித் திட்டுவாள். அந்தப் பழக்கம் ஒரே ஒரு தடவைதான் எனக்கு உதவியது. அது எண்பதுகளின் நடுவில், வங்கி ஒன்றின் கவுண்டரில்.

அப்போது நான் றொசல்ல ரயில் நிலையத்திலிருந்து முக்கால் மணி நேரம் மலையேறிப் போகும் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பிறந்தது உடப்புசல்லாவைப் பக்கம். வேலை கிடைத்து இங்கே வந்து நாலு வருடமாகியிருந்தது. பாடசாலையில் மூன்றே பேர்: தலைமையாசிரியர், அவர் மனைவி, நான். அவர் மனைவியைப் பெரிய டீச்சர் என்பார்கள், என்னைச் சின்ன டீச்சர் என்பார்கள். பிள்ளைகள், பிள்ளைகளைப் பெற்றவர்கள், கடைக்காரர், கோயில் சாமியார் எல்லாருக்கும் நான் சின்ன டீச்சர்தான். எனக்கும் அது பிடித்திருந்தது. ஊரிலிருந்து கடிதம் போடும் தம்பியிடமே, "நீட்டி முழக்காம சின்ன டீச்சர்னு எழுது, சீக்கிரம் வந்துரும்" என்று சொல்லிவைத்திருந்தேன். அப்படித்தான் வந்தது.

அந்த வருடம் எனக்கு ஒரே ஒரு குறிக்கோள். ஆங்கில ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்க வேண்டுமென்றால் சாதாரண தரப் பரீட்சையில் ஆங்கிலத்துக்குத் திறமைச் சித்தி, அதாவது நல்ல புள்ளிகளோடு தேர்ச்சி, வேண்டும். என்னிடம் இருந்தது வெறும் சித்தி. டிசம்பரில் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக மறுபடி எழுத விண்ணப்பம் போட்டிருந்தேன். அடுத்த வருடம் வயதெல்லை தாண்டிவிடும். ஆகவே இந்த டிசம்பரை விட்டால் நான் ஆயுள் முழுக்க இரண்டாம் வகுப்புக்கு 'அணில், ஆடு' சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அணிலோடு எனக்குப் பகை இல்லை. ஆனாலும் ஒரு அளவு இருக்கிறது.

தோட்டத்தில் ஆங்கிலம் சொல்லித்தர யாரும் இல்லை. துரைமாருக்குத் தெரியும், அவர்களிடம் போய்ப் படிக்க முடியுமா? பத்திரிகையில் ஒரு விளம்பரம் பார்த்தேன். கொழும்பில் ஒரு தபால் வழிக் கல்விக் கூடம், மாதத்துக்கு ஒரு பாடம், பன்னிரண்டு பாடங்கள். நாம் பயிற்சிகளை எழுதி அனுப்பினால் சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்புவார்கள். மாதச் சந்தா முப்பது ரூபாய். காசுக்கட்டளை எடுக்க மாதாமாதம் தபாற்கந்தோருக்கு நடக்கத் தேவையில்லை. கூடவே வரும் ஒரு படிவத்தில் கையெழுத்து வைத்து நம் வங்கியில் கொடுத்துவிட்டால் போதும், ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் திகதி தானாகவே போய்ச் சேரும். அந்தத் 'தானாகவே' என்ற சொல்லில்தான் நான் விழுந்தேன். அட்டன் வங்கியில் என் சம்பளம் போடும் சேமிப்புக் கணக்கு இருந்தது. படிவத்தை வாசித்துப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மூடியதையெல்லாம் திறந்து பார்க்கிறவள், திறந்து கிடந்த படிவத்தை வாசிக்கவில்லை.

முந்தின டிசம்பரில் முதல் பாடம் வந்தது. மண்ணிற உறை, தடித்த காகிதம். ஜூன் வரை ஏழு பாடங்கள் ஒழுங்காக வந்தன. லாந்தர் வெளிச்சத்தில் இலக்கணப் பயிற்சி எழுதிவிட்டு, காலையில் தொழிலாளர்கள் வேலைக்குக் கூடும் பெரட்டுக்களத்தைத் தாண்டி நடக்கும்போது ஆங்கில வாக்கியங்களை முணுமுணுத்துக்கொண்டு போவேன். 'சின்ன டீச்சருக்கு ஜெபம் கூடிருச்சு' என்று யாரோ சொன்னதாகக் கேள்வி.

ஜூலையில் எட்டாம் பாடம் வரவில்லை. சரி, தாமதம் என்று நினைத்தேன். ஜூலை முடிவில் ஒரு கடிதம் எழுதினேன். பதில் இல்லை. ஆகஸ்டில் ஒன்பதாம் பாடமும் வரவில்லை. இன்னும் இரண்டு கடிதம் எழுதினேன். கடைசிக் கடிதத்தைப் பதிவுத் தபாலில் போட்டேன். கிணற்றில் கல் போட்ட மாதிரிகூட இல்லை. கிணற்றில் போட்டால் சத்தமாவது கேட்கும்.

ஆகஸ்ட் லீவில் றொசல்லயிலிருந்து ரயிலேறி அட்டன் போனேன். வங்கிப் புத்தகத்தைப் பதிந்து வாங்கிப் பார்த்தால், ஜூலை ஐந்தாம் திகதி முப்பது ரூபாய் போயிருக்கிறது, ஆகஸ்ட் ஐந்தாம் திகதியும் போயிருக்கிறது. கூடவே வங்கியின் சின்னக் கமிஷன் வேறு. பாடம் அனுப்பத் தெரியாதவர்களுக்கு என் காசை எடுக்க மட்டும் திகதி தவறாமல் தெரிகிறது. எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அதைவிட, எப்படி எடுக்கிறார்கள் என்று அறிகிற ஆசை வந்தது. கொழும்பில் உட்கார்ந்துகொண்டு அட்டனில் இருக்கிற என் புத்தகத்துக்குள் ஒருவன் எப்படிக் கை வைக்கிறான்?

கவுண்டரில் இருந்தவர் அட்டன் நகரத்து முஸ்லிம் ஒருவர். நாற்பது வயதிருக்கும். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா. நிதானமான மனிதர். நான் முறையிட்டேன்.

"சேர், அவங்க பாடமும் அனுப்பல, கடிதத்துக்குப் பதிலும் போடல. ஆனா மாசாமாசம் என் காச மட்டும் எடுக்குறாங்க."

"அவங்க எடுக்கல டீச்சர்," என்றார் அவர். "நாங்கதான் குடுக்குறோம்."

எனக்கு விளங்கவில்லை. "நீங்க ஏன் குடுக்குறீங்க?"

"நீங்க குடுக்கச் சொன்னதால."

நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றிருக்க வேண்டும். அவர் பின்னால் திரும்பி, பெரிய கோப்பு ஒன்றை எடுத்து வந்து கவுண்டரில் வைத்தார். அதில் ஒன்று முதல் முப்பத்தொன்று வரை எண் போட்ட அட்டைகள். ஒவ்வொரு அட்டைக்குப் பின்னாலும் அந்தத் திகதிக்குரிய படிவங்கள். காலையில் வேலை தொடங்கியதும் ஒருவர் அன்றைய அட்டையைத் திறந்து, ஒவ்வொரு படிவத்துக்கும் ஒரு துண்டு எழுதி, நம் கணக்கில் கழித்து, கொழும்பில் இருக்கும் மற்ற வங்கிக்கு அனுப்புவாராம். ஸ்டாண்டிங் ஓடர் என்றால் இதுதானாம். 'தானாகவே' என்று நான் நினைத்தது, மூலையில் குடையை மாட்டிவிட்டு உட்கார்ந்திருந்த ஒரு இளம் ஊழியரின் கை.

ஐந்தாம் அட்டைக்குப் பின்னால் என் படிவம் இருந்தது. கீழே என் கையெழுத்து, அழகாகத்தான் போட்டிருந்தேன். மேலே எத்தனை மாதம் என்று எழுத வேண்டிய இடத்தில் 'மறு அறிவித்தல் வரை' என்று அச்சடித்திருந்தது. பன்னிரண்டு பாடம் முடிந்தாலும் நான் செத்தாலும் அது போய்க்கொண்டே இருந்திருக்கும் போல.

"அப்போ அவங்களுக்கு நான் எழுதின மூணு கடிதமும்?"

"அவங்க இதை நிப்பாட்ட ஏலாது. நீங்க எங்களுக்கு எழுதினாத்தான் நிக்கும். அதுவும் ஐந்தாம் திகதிக்கு முன்ன எங்க கையில கிடைக்கணும்."

"போன காசு?"

"போனது உங்க கட்டளைப்படி போனது. அத நாங்க அவங்க கணக்குல இருந்து பிடுங்கி எடுக்க ஏலாது. நீங்க முறைப்பாடு எழுதித் தந்தா அவங்கட பேங்குக்கு எழுதுவோம். அவங்க பேங்க் அவங்கள கேக்கும். அவங்க சம்மதிச்சுக் குடுத்தா வரும். இல்லாட்டி இல்ல."

பிறகு பேனாவை மூடிவிட்டு, கொஞ்சம் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "ஒண்ணு யோசிச்சுக்கோங்க டீச்சர். காச நிப்பாட்டித் திருப்பிக் கேட்டா, அங்க உங்க பதிவ வெட்டிருவாங்க. அநேகமா அப்படித்தான் செய்வாங்க. அதுக்கு பேங்க் ஒண்ணும் செய்யாது."

அதைக் கேட்டதும் புத்தகத்தை மூடிக் கைப்பையில் போட்டேன். அவர்கள்மீது எனக்கு எவ்வளவு கோபம் இருந்தாலும், மீதி ஐந்து பாடமும் அவர்களிடம்தான் இருந்தன. ஏழு பாடத்தில் நிகழ்காலம், இறந்தகாலம், கடிதம் எழுதுவது எல்லாம் முடிந்திருந்தது. எட்டிலிருந்துதான் கட்டுரை, சுருக்கம், வாசித்து விளங்குதல். திறமைச் சித்திக்கு அவைதான் வேண்டும். எழுதித் தராமல் ரயிலேறித் திரும்பி வந்தேன். எங்கள் தபாற்கந்தோர் இருக்கும் வட்டவளையில் மழை தொடங்கியிருந்தது. ஒரு மாதம் பொறுத்துப் பார்ப்போம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

செப்டெம்பர் ஐந்தாம் திகதி மூன்றாவது முப்பது ரூபாயும் போனது. பத்தாம் பாடமும் வரவில்லை. செப்டெம்பர் கடைசியில் சம்பளம் எடுக்கப் போனபோது கவுண்டரிலேயே காகிதம் கேட்டு வாங்கினேன். இனிமேல் கொடுக்க வேண்டாம் என்று ஒரு கடிதம், போன மூன்று மாதக் காசையும் திருப்பிக் கேட்டு ஒரு கடிதம். பாடங்கள் வந்து சேரவில்லை, கடிதங்களுக்குப் பதில் இல்லை என்று, ஏழு பாடத்தில் கற்ற ஆங்கிலத்தில் எழுதினேன். அவர்களிடம் படித்த ஆங்கிலத்தால் அவர்களையே முறைப்பாடு செய்கிறேன் என்று உள்ளுக்குள் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பு ரயிலேறும் வரைகூட நிற்கவில்லை. இனி எட்டாம் பாடம் நிச்சயமாக வராது என்பதை அந்தக் கையெழுத்தோடு நானே முடிவு செய்துவிட்டேன்.

அக்டோபர் ஐந்தாம் திகதி காசு போகவில்லை. அதைப் புத்தகத்தில் பார்த்தபோது, ஒரு துண்டுக் காகிதம் இவ்வளவு வேலை செய்கிறதே என்று ஆச்சரியமாக இருந்தது. பதில் மட்டும் இன்னும் வரவில்லை. "கொழும்புக்குப் போய், அவங்க பேங்குக்குப் போய், அங்க இருந்து அவங்களுக்குப் போய்த் திரும்பி வரணும் டீச்சர். எல்லாம் தபால்தான்" என்றார் கவுண்டர்காரர். நான் ஏழு பாடங்களையும் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தேன். தலைமையாசிரியரின் பழைய ஆங்கிலப் பத்திரிகைகளை எடுத்து நானே சுருக்கம் எழுதிப் பார்ப்பேன். சரியா பிழையா என்று சொல்லச் சிவப்பு மை இல்லை.

நவம்பர் சம்பளத்துக்குப் போனது ஒரு வியாழக்கிழமை. பாடசாலையில் அரை நாள் லீவு எடுத்திருந்தேன். என்னைக் கண்டதும் கவுண்டர்காரர் கையைக் காட்டினார்.

"டீச்சர், எங்க போயிருந்தீங்க? உங்களுக்குக் கடிதம் போட்டோமே."

"எனக்கு ஒண்ணும் வரலியே சேர்."

"வராதுதான். எங்களுக்கே திரும்பி வந்துருச்சு."

வங்கியின் நீள உறையை என் முன்னால் வைத்தார். என் முழுப் பெயர், பிறப்புச் சான்றிதழில் இருக்கிறபடி. கீழே தோட்டத்தின் பெயர், வட்டவளை; பாடசாலை என்று நான் எங்கும் எழுதிக் கொடுத்திருக்கவில்லை. அதன் குறுக்கே சிவப்பு மையில், நல்ல வடிவான ஆங்கிலக் கையெழுத்தில், 'இந்தப் பெயரில் தோட்டத்தில் எவரும் இல்லை' என்று எழுதியிருந்தது.

நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இல்லையாம். நாலு வருடமாக அந்த மலையில் ஏறி இறங்குகிறேன்.

"அதோட முடியல," என்று சொல்லி அவர் ஒரு கட்டை அவிழ்த்தார். கல்விக் கூடம் வங்கிக்குப் பதில் எழுதியிருந்தது. அந்த ஆங்கிலக் கடிதத்தை அவர் எனக்காகத் தமிழில் சொல்லிக்கொண்டு போனார். நானும் பக்கத்தில் எட்டிப் பார்த்து வாசித்தேன். எட்டாம், ஒன்பதாம், பத்தாம் பாடங்களை அந்தந்த மாதமே அனுப்பியிருக்கிறார்கள். மூன்றும் திரும்பி வந்திருக்கின்றன. என் கடிதங்களுக்கு இரண்டு தடவை பதில் போட்டிருக்கிறார்கள். அவையும் திரும்பி வந்திருக்கின்றன. மாணவியைத் தேடிக் கண்டுபிடிக்க முடியவில்லை. இப்போது அவரே சந்தாவை நிறுத்தி, கட்டிய காசைத் திருப்பிக் கேட்டிருப்பதால், மூன்று மாதக் காசையும் திருப்பித் தருகிறார்கள். பதிவு எண் மூடப்படுகிறது. மறுபடி சேர விரும்பினால் புது மாணவியாக, அனுமதிக் கட்டணத்தோடு, முதல் பாடத்திலிருந்து. அத்தாட்சியாகத் திரும்பி வந்த உறைகளை வந்தபடியே இணைத்திருந்தார்கள்.

மூன்று மண்ணிற உறைகள். ஒட்டியது ஒட்டியபடி. ஒவ்வொன்றிலும் அதே சிவப்பு மை, அதே வடிவான கையெழுத்து.

நாலு மாதமாக அவர்களைத் திருடர் என்று நினைத்து வந்திருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த மனிதர்கள் ஒழுங்காகத்தான் எழுதிக்கொண்டிருந்திருக்கிறார்கள், நான்தான் இல்லாமல் போயிருக்கிறேன்.

"சேர், இந்தப் பாடத்த நான் எடுத்துக்கலாமா?"

அவர் இல்லையென்று தலையசைத்தார். "காசு உங்க கணக்குக்கு வந்துருச்சு. காசும் உங்களுக்கு, சாமானும் உங்களுக்குனு எப்படி? இது அவங்க உடைமை. கோப்புல போட்டுத் திருப்பி அனுப்பணும்."

"காச நான் திருப்பிக் கட்டிட்டா?"

"கட்டலாம். டிராஃப்ட் எடுத்து அனுப்பலாம். ஆனா நம்பர மூடிட்டாங்களே. அவங்க திறக்கணும், அதுக்கு எழுதணும், பதில் வரணும். பரீட்சை எப்ப?"

"இன்னும் ரெண்டு கிழமைல."

அவர் நாட்காட்டியைப் பார்த்தார். நான் எட்டாம் பாடத்தின் உறையை விரலால் அழுத்திப் பார்த்தேன். பத்துப் பன்னிரண்டு தாள் இருக்கும். கட்டுரை எழுதுவது எப்படி என்று அதற்குள் இருக்கிறது. என் பழக்கம் தெரிந்தவர்கள் யாரும் நான் அதைப் பிரிக்காமல் விட்டேன் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். பிரிக்கவில்லை. ஆனால் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் வட்டவளைத் தபாற்கந்தோர் முத்திரை இரண்டு தடவை குத்தியிருந்தது, வந்ததற்கு ஒன்று, போனதற்கு ஒன்று. இரண்டுக்கும் நடுவில் ஐந்து நாள். அந்த ஐந்து நாளும் எட்டாம் பாடம் எங்கே இருந்தது? தபாற்கந்தோரில் கடிதம் தங்குவதில்லை, தோட்டத்துப் பையில் அன்றைக்கே ஏறிவிடும். பையைத் திறப்பது தோட்டத்து ஆபீசில். அங்கே ஜூன் முடிவில் பழைய கிளாக்கர் மாற்றலாகிப் போக, வேறு தோட்டத்திலிருந்து புதியவர் வந்திருந்தார். பழையவருக்கு என்னைப் பிறந்த ஊரோடு தெரியும். புதியவருக்கு?

அப்போதுதான் எனக்கு அந்த நினைப்பு வந்தது. பரீட்சைத் திணைக்களத்துக்கு நான் போட்ட விண்ணப்பம். அதிலும் அதே முழுப் பெயர், அதே முகவரி. அனுமதி அட்டை வர வேண்டிய நாள் இதுதான். அந்த அட்டை இல்லாமல் மண்டபத்துக்குள் காலே வைக்க முடியாது.

சம்பளத்தையும் எடுக்காமல் வங்கியை விட்டு ஓடினேன். "டீச்சர், புத்தகம்" என்று அவர் பின்னால் கூப்பிட்டுக் கொடுத்தது நினைவிருக்கிறது. றொசல்லயில் ரயிலை விட்டு இறங்கி, முக்கால் மணி நேரப் பாதையை எவ்வளவு நேரத்தில் ஏறினேன் என்று தெரியாது. செருப்பு ஒன்றின் வார் அறுந்துவிட்டது, கையில் எடுத்துக்கொண்டேன். கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்த பெண்கள் "என்னாங்க டீச்சர், யாருக்கு என்னா?" என்று கேட்டார்கள். பதில் சொல்ல மூச்சில்லை.

ஆபீசில் கிளாக்கர் செக்ரோலில் குனிந்திருந்தார். யார் யார் எத்தனை நாள் வேலைக்கு வந்தார்கள் என்று பெயர் பெயராக எழுதும் பெரிய புத்தகம் அது. அவர் மகள் என் வகுப்பில் படிக்கிறாள். நல்ல மனிதர், என்னைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"என்னாங்க டீச்சர், இப்படி வேர்த்துப்போய்? உக்காருங்க."

"எனக்குக் கடிதம் ஏதாச்சும் வந்திருக்கா, கிளாக்கர் ஐயா?"

"வந்தா வச்சுக்குவேனா? அன்னிக்கே பிள்ளைங்ககிட்ட குடுத்து அனுப்பிருவேனே. தம்பி கடிதம் போன கிழமைதான் வந்துச்சு."

"திருப்பி அனுப்புற கடிதம் எங்க வைப்பீங்க?"

அவருக்கு என் கேள்வி விசித்திரமாகப் பட்டிருக்க வேண்டும். ஆனாலும் இழுப்பறையிலிருந்து றப்பர் வளையம் போட்ட ஒரு கட்டை எடுத்தார். ஆள் இல்லாத கடிதங்களை வெள்ளிக்கிழமைகளில் ஒன்றாகக் கட்டித் திருப்பி அனுப்புவாராம். நாளைதான் வெள்ளி. மேலே இருந்தது இந்தியாவுக்குப் போய்விட்ட ஒரு குடும்பத்தின் கடிதம். இரண்டாவது, முத்திரை ஒட்டாத அரசாங்கப் பழுப்பு உறை. அதன் குறுக்கே சிவப்பு மை காய்ந்திருந்தது.

"இதுதான்," என்றேன். "இது நான்தான்."

அவர் உறையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி உறையைப் பார்த்தார். முகம் வாடிப்போனது.

"செக்ரோல்ல தேடினேங்க டீச்சர். ஸ்டாஃப் லிஸ்ட்லயும் தேடினேன். அஞ்சாறு கடிதம் இந்தப் பேருக்கு வந்துச்சு, ஒவ்வொரு தடவையும் தேடினேன். கங்காணிமார்கிட்டயும் விசாரிச்சேன். அப்படி ஒரு ஆளு இல்லன்னாங்க." பிறகு மெதுவாக, "உங்களுக்குன்னு வேற ஒரு பேரு இருக்கும்னு எனக்குத் தோணவே இல்லீங்க" என்றார்.

திட்டலாம் என்று வாயெடுத்தேன். என்னவென்று திட்டுவது? நான் அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவள், தோட்டத்துச் செக்ரோலில் என் பெயர் எப்படி இருக்கும்? வேலையை அவர் ஒழுங்காகத்தான் செய்திருக்கிறார். நான்தான் நாலு வருடமாக அந்த மலையில் யாருக்கும் என் பெயரைச் சொல்லவில்லை. தம்பியையும் எழுத விடவில்லை.

அந்த டிசம்பரில் ஏழு பாடத்தோடு பரீட்சை எழுதினேன். கட்டுரையில் சொதப்புவேன் என்றுதான் நினைத்தேன். அதற்குக் கேட்ட கேள்வி, வராத பொருள் ஒன்றுக்காக ஒரு நிறுவனத்துக்கு முறைப்பாட்டுக் கடிதம் எழுதும்படி. வங்கிக் கவுண்டரில் ஒரு தடவை எழுதிப் பழகியிருந்தேன். திறமைச் சித்தி கிடைத்தது. கல்விக் கூடத்துக்கும் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். என்னை மறுபடி சேர்க்கவில்லை, ஆனால் பதில் போட்டார்கள். அது வந்து சேர்ந்தது.

அன்றைக்கு ஆபீசில், கிளாக்கர் நீல மைப் பேனாவை எடுத்துத் தன் சிவப்பு வரியை வெட்டினார். திருத்தம் செய்தால் பக்கத்தில் கையொப்பம் வைக்க வேண்டுமாம், வைத்தார். நான் குனிந்து பார்த்தேன். கிறுக்கலாக ஒரு கையொப்பம், ஒரு எழுத்தும் விளங்கவில்லை. ஐந்து மாதமாக இவர் பிள்ளைக்குப் படிப்பிக்கிறேன். இவரைப் பார்க்கும்போதெல்லாம் கிளாக்கர் ஐயா, கிளாக்கர் ஐயா என்கிறேன். நாளைக்கு இவருக்கு ஒரு கடிதம் பாடசாலைக்கு வந்தால், அப்படி ஒருவர் இல்லை என்று நானும்தானே சொல்லியிருப்பேன்.

"உங்க பேரு என்னங்க?" என்று கேட்டேன்.

அவர் பேனாவை மூடினார். சட்டைக் கொலரைச் சரிசெய்துகொண்டார். பிறகு தன் பெயரை முழுதாக, தகப்பன் பெயரோடு சேர்த்துச் சொன்னார்.